வெளுத்துப்போன இதயச் சார்ட்: எட்டு வருடப் பயன்பாடு

2016 ஜூனில் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் ஆரம்பித்தபோது மூன்று சுவர் சார்ட்டுகள் வாங்கினேன்: செல், பூ, இதயம். மேலும் கீழும் மரக்குச்சி வைத்து, சுருட்டி வைக்கிற வகை. செல்லும் பூவும் இப்போது பரணில் இருக்கின்றன. இதயம் மட்டும் எட்டு வருடமாக ஒரே ஆணியில் தொங்குகிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சார்ட்டில் இருப்பது இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றம். பாகங்களைச் சுட்டும் கோடுகளில் 1, 2, 3 என்று எண்கள், அடியில் பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலின் மேல் பழுப்புத் தாள் ஒட்டி மறைத்துவிட்டேன். ஓரிரண்டு பெயர்களை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிப் படத்திலேயே ஒட்டுவேன், மீதியைப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பெயரை ஒட்டுவது என்பதை வாராவாரம் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் மூன்று வருடம் எல்லாரும் நன்றாகச் சொன்னார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சார்ட் தொங்கிய இடம் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே. மாலை வெயிலில் சிவப்பு மை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, நான்காம் வருடம் இடது பக்க அறைகள் எல்லாம் பழைய காகித நிறத்துக்கு வந்துவிட்டன. நீலம் ஓரளவு நின்றது. அந்த வருடம்தான் தப்பு மேல் தப்பாக வந்தது. பிள்ளைகள் மந்தமாகிவிட்டார்களா என்று யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது: இதுவரை யாரும் படத்தைப் பார்க்கவேயில்லை, நிறத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை, அவ்வளவுதான் கணக்கு. நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் மட்டும் இந்தக் கணக்கில் தலைகீழ் என்பதால் அந்த இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்திருந்தார்கள். வினாத்தாளில் படம் கறுப்பு வெள்ளையில்தானே வரும்?

அதிலிருந்து நிறத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி, இதயத்துக்குள் கொண்டுவரும் குழாய் சிரை. உள்ளே ஓடுவது எந்த இரத்தம் என்பது பெயருக்குத் தேவையே இல்லை.

முதலில் பழக்குவது வலது, இடது. படத்திலுள்ள இதயம் நமக்கு எதிரே நிற்கும் ஆளுடையது, ஆகவே நம் இடக்கைப் பக்கம் இருப்பது அதன் வலது. இது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மறப்பார்கள். மறக்காமல் இருக்க ஒரு சோதனை: கீழறைகள் இரண்டில் எதன் சுவர் தடிமனாக இருக்கிறதோ அது இடது வெண்ட்ரிக்கிள். உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டியது அதுதான் என்பதால் அதன் சுவர் வலதைவிடச் சுமார் மூன்று மடங்கு தடிமன். ஒழுங்காக வரைந்த எந்தப் படத்திலும் இது தெரியும்.

அடுத்தது கோட்டின் நுனி. கோடு எதையெல்லாம் கடந்து போகிறது என்று பார்க்கக்கூடாது, எங்கே முடிகிறது என்றுதான் பார்க்க வேண்டும். நுனி வெற்றிடத்தில் நின்றால் அறை. தடித்த சதையில் நின்றால் சுவர் அல்லது தடுப்பு. மெல்லிய மடலில் நின்றால் வால்வு. மடலிலிருந்து கீழே இறங்கும் நூலில் நின்றால் கார்டே டெண்டினே நாண். இதோடு இன்னொரு குழப்பமும் உண்டு. படத்தில் இரண்டு வகை அம்புகள் இருக்கும். பாகத்தைச் சுட்டுவது மெல்லிய கோடு, குழாய்க்குள் இரத்தம் போகும் திசையைக் காட்டுவது தடித்த அம்பு. தடித்த அம்பின் முனை வலது மேலறையான வலது ஏட்ரியத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்ததால், அதற்குள் மேலிருந்து வந்து திறக்கும் மேற்பெருஞ்சிரைக்கே "வலது ஏட்ரியம்" என்று எழுதிய பையன் ஒருவன் இருந்தான். ஆனால் அந்தத் தடித்த அம்பு இலவசமாகக் கிடைத்த விடை: உள்ளே நோக்கினால் சிரை, வெளியே நோக்கினால் தமனி.

நான் அதிகம் வைத்த பயிற்சி ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். படத்தில் இரண்டு பெயர்கள் மட்டும் தந்திருக்கும்: நம் இடப்பக்க மேல்புறத்தில் மேற்பெருஞ்சிரை, நம் வலப்பக்கத்தில் ஈரிதழ் வால்வு. கண்டுபிடிக்க ஆறு எண்கள்.

எண் 1, மேற்பெருஞ்சிரை வந்து திறக்கும் அறையின் வெற்றிடத்தில் நிற்கிறது. அது வலது ஏட்ரியம். இதை "இடது" என்று எழுதுகிறவர்களை ஈரிதழ் வால்வு என்கிற சீட்டே மடக்கிவிடும். அந்த வால்வு இடது பக்கத்துக்கு உரியது, அது எதிர்ப்புறம் இருக்கிறது.

எண் 2, அந்த அறைக்கும் அதன் கீழறைக்கும் நடுவிலுள்ள மடலில். மூவிதழ் வால்வு. இங்கேதான் ஒரு நல்ல மாணவி மாட்டிக்கொண்டாள். "மிஸ், எண்ணிப் பார்த்தேன், ரெண்டு இதழ்தான் இருக்கு" என்றாள். அவள் எண்ணியது சரி. நீளவாக்கில் வெட்டிய படத்தில் மூவிதழ் வால்வுக்கும் பெரும்பாலும் இரண்டு மடல்தான் தெரியும், மூன்றாவது வெட்டோடு போயிருக்கும். ஆகவே வால்வை இதழ் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது, எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எண் 3, இரண்டு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சதையில். வெண்ட்ரிக்கிள் இடைத்தடுப்புச்சுவர்.

எண் 4, மேலே ஏறும் ஒரு குழாயில். மேலே இரண்டு பெரிய குழாய்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும், எது எது என்று மேலே பார்த்து முடிவு செய்யக்கூடாது. விரலை வைத்துக் கீழ்நோக்கி வர வேண்டும். வலது வெண்ட்ரிக்கிளில் போய்ச் சேர்ந்தால் நுரையீரல் தமனி. அது பெருந்தமனியின் முன்னால் நம் வலப்பக்கமாகச் சாய்ந்து ஏறும். இடது வெண்ட்ரிக்கிளில் போய்ச் சேர்ந்தால் பெருந்தமனி, அது மேலே வளைந்து, வளைவின் தலையில் மூன்று கிளைகளை விடும். எங்கள் படத்தில் 4 வலது வெண்ட்ரிக்கிளுக்குப் போனது.

எண் 5, இடது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படும் குழாயின் வாயிலுள்ள சின்னப் பை போன்ற மடலில். பெருந்தமனி அரைச்சந்திர வால்வு. ஏட்ரியத்துக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவிலுள்ள வால்வுகளில் நூல் தொங்கும், இதில் நூல் கிடையாது. இந்த ஒன்றை வைத்தே பிரித்துவிடலாம்.

எண் 6தான் வில்லங்கம். நம் இடப்பக்க ஓரத்தில், வலது ஏட்ரியத்தை ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குட்டைக் குழாய்கள். பத்தில் ஏழெட்டுப் பேர் இவை வலது ஏட்ரியத்துக்குள் போவதாகவே நினைப்பார்கள். உண்மையில் இவை வலது நுரையீரலிலிருந்து வரும் சிரைகள். வலது ஏட்ரியத்தின் பின்புறமாகப் போய் இடது ஏட்ரியத்தில் திறக்கின்றன. தட்டையான படத்தில் அந்தப் "பின்புறம்" தெரியாது. நுரையீரலுக்கு இரண்டாக மொத்தம் நான்கு நுரையீரல் சிரைகள் உண்டு, இரண்டு இந்தப் பக்கமாக, இரண்டு அந்தப் பக்கமாக வந்து ஒரே அறையில் சேர்கின்றன. இவற்றுக்குச் சற்று மேலே வலது நுரையீரல் தமனியின் கிளையும் அதே ஓரத்தில் எட்டிப்பார்க்கும். எங்கள் சார்ட்டின் பெரிய குறையும் இங்கேதான்: இந்தச் சிரைக்கான கோடு ஒரு விரற்கடை குறைவாக அச்சாகி, வலது ஏட்ரியத்தின் விளிம்பில் முடிகிறது. இரண்டு வருடம் கழித்துத்தான் நானே கவனித்தேன், பேனாவால் நீட்டிவிட்டேன்.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். இரத்தத்தோடு ஒரு சுற்று போய்வர வேண்டும்: மேற்பெருஞ்சிரை, 1, 2, வலது வெண்ட்ரிக்கிள், 4, நுரையீரல், 6, இடது ஏட்ரியம், ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், 5, பெருந்தமனி. வழியில் வராத எண் 3 மட்டும்தான், அது சுவர் என்பதால். வேறு எந்த எண்ணாவது விட்டுப்போனாலோ, ஓர் இடத்தில் இரண்டு எண்கள் வந்து நின்றாலோ, எங்கேயோ மாற்றி எழுதியிருக்கிறோம். எந்த விடை தப்பு என்று இது சொல்லாது, தப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

பெயர்த் தொல்லையையும் சொல்ல வேண்டும். சார்ட்டில் "ஆரிக்கிள்" என்று போட்டிருக்கிறது, சில தாள்களில் "ஏட்ரியம்" என்று வருகிறது. பள்ளியளவில் இரண்டும் ஒன்றாகவே நடக்கிறது. கறாராகச் சொன்னால் ஏட்ரியத்தின் மேல் காது மடல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குத்தான் ஆரிக்கிள் என்று பெயர், வெட்டாத வெளித்தோற்றப் படத்தில் நன்றாகத் தெரியும். கொழும்பிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பெண் தன் புத்தகத்தில் இதைச் சோணையறை என்றும், வெண்ட்ரிக்கிளை இதயவறை என்றும், தமனியை நாடி என்றும் படித்திருந்தாள். நாங்கள் பெயரைக் கேட்டு விழித்துக்கொண்டிருந்தபோது அவள் விரலால் வழியைக் காட்டி முடித்துவிட்டாள்.

சார்ட்டால் முடியாதது, முன்னும் பின்னும் காட்டுவது. அதற்கு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்று வாங்குவேன். குழாய்களை ஒட்ட நறுக்காமல் தரச்சொல்லி முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பாதிப் படிப்பு போய்விடும். கையில் அழுத்திப் பார்த்தாலே கல் மாதிரி இருக்கிற பக்கம் இடது, தொளதொளவென்று இருப்பது வலது. வெட்டினால் அந்த வெள்ளை நூல்கள் நிஜமாகவே இழுத்துப் பிடித்திருப்பது தெரியும். நுரையீரல் சிரையின் துளைக்குள் பென்சிலை விட்டால் அது எந்த அறையில் எட்டிப்பார்க்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இந்த விரல் வைத்து வழி போகிற வித்தை மற்ற இரண்டு சார்ட்டுகளிலும் செல்லவில்லை. செல்லுக்குள் இப்படி ஒரு சுற்று கிடையாது, மைட்டோகாண்ட்ரியா பத்து இருந்தால் கோடு ஏதோ ஒன்றில் வந்து நிற்கும், வடிவத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அவை பரணுக்குப் போனதற்கு அதுதான் காரணம்.

போன மாதம் புது சார்ட் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். எல்லாம் பளபளவென்று சிவப்பும் நீலமுமாக இருந்தன. வெறும் கோட்டுப் படமாக ஒன்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் வாங்க மாட்டாங்க டீச்சர், வர்றதில்ல" என்றார் கடைக்காரர். திரும்பி வந்து பழைய சார்ட்டின் கீழ்க்குச்சி கழன்றிருந்ததை ஆணியடித்துச் சரிசெய்து, அதே ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். நீலமும் போகட்டும்.