வாங்கினால் ஒரு தேதி, விற்றால் ஒரு தேதி: புரோக்கர் லெட்ஜரில் என்னிடம் பிடுங்கிய வட்டி

பங்கு புரோக்கரிடம் கணக்கு வைத்திருப்பவர்கள் மாதக் கடைசியில் லெட்ஜரை எடுத்து, ‘தாமதக் கட்டணம்’ என்றோ ‘வட்டி’ என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் லெட்ஜரில் இருந்தது. தொகை 196.79. எத்தனை நாளுக்கு, எந்தப் பாக்கிக்கு, என்ன விகிதத்தில் என்று ஒன்றும் எழுதவில்லை. கட்ட வேண்டிய பணத்தை ஒரு நாள்கூட நான் தள்ளிப்போட்டதில்லை. சின்னத் தொகைதானே என்று பலரும் விட்டுவிடுவார்கள். அதை நம்பித்தான் இப்படிப் போடுகிறார்கள் என்பது என் முடிவு. எப்படிப் போட்டார்கள், அதை எப்படிப் பிடிப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் தேதி விஷயம். பங்கு வாங்கிய நாள் வேறு, அதற்குப் பணம் கொடுத்துப் பங்கு கைக்கு வரும் செட்டில்மென்ட் நாள் வேறு. இந்தியாவில் 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் டி+1, அதாவது வாங்கிய நாளுக்கு அடுத்த வேலை நாள். அமெரிக்காவில் 2024 மே 28 முதல் அதே முறை. என்னுடைய இந்தக் கணக்கு டி+2 சந்தை ஒன்றில் இருக்கிறது. வியாழக்கிழமை வாங்கினால் சனி, ஞாயிறு கழிந்து திங்கள்கிழமைதான் செட்டில்மென்ட். புரோக்கருடன் போட்ட ஒப்பந்தத்திலும், செட்டில்மென்ட் நாளுக்குள் பணம் வராவிட்டால்தான் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்று இருக்கிறது. (சில ஒப்பந்தங்களில் வாங்கும்போதே முழுப்பணமும் இருக்க வேண்டும் என்று இருக்கும். அப்படியென்றால் இந்த வாதம் செல்லாது. எனவே அந்த ஒரு பிரிவை முதலில் படித்துவிடுங்கள்.)

சரி, கணக்குக்கு வருவோம். 6-ஆம் தேதி வியாழக்கிழமை என் லெட்ஜரில் 12,000 வரவு இருப்பு. அன்று 200 பங்குகளை 410 விலையில் வாங்கினேன். பங்கின் மதிப்பு 82,000. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் புரோக்கர் அனுப்பும் பில்லான கான்ட்ராக்ட் நோட்டில் புரோக்கரேஜ் 246, சந்தைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து இன்னொரு 164. ஆக மொத்தம் 82,410. லெட்ஜரில் இந்தப் பிரிவெல்லாம் தெரியாது. பில் எண் போட்டு 82,410 என்று ஒரே பற்று வரியாகத்தான் வரும். அதனால் லெட்ஜரை மட்டும் வைத்துக்கொண்டு கட்டணம் சரியா என்று பார்க்க முடியாது, கான்ட்ராக்ட் நோட்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இதில் என் புரோக்கர் தப்புச் செய்யவில்லை. தொகை பைசா சுத்தமாகப் பொருந்தியது. தப்பு தேதியில் இருந்தது.

10-ஆம் தேதி திங்கள்கிழமை, செட்டில்மென்ட் நாளன்று காலையிலேயே 71,000 அனுப்பினேன். இருப்பு 590 வரவு. அப்புறம் 12-ஆம் தேதி புதன்கிழமை, வேறொரு நிறுவனத்தின் 150 பங்குகளை 400 விலையில் விற்று, அதே நாளில் 59,000-க்கு இன்னொன்றை வாங்கினேன். விற்றதில் கட்டணம் 300 போக வர வேண்டியது 59,700. வாங்கியதற்குக் கட்டணம் 295 சேர்த்துக் கொடுக்க வேண்டியது 59,295. இரண்டுக்கும் செட்டில்மென்ட் 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று ஒன்றை ஒன்று கழித்தால் எனக்குத்தான் 405 மிச்சம். லெட்ஜர் சொன்னது இப்படி:

```
6   வாங்கியது   பற்று 82,410   இருப்பு 70,410 பற்று
10  வங்கி வரவு  வரவு 71,000    இருப்பு    590 வரவு
12  வாங்கியது   பற்று 59,295   இருப்பு 58,705 பற்று
14  விற்றது     வரவு 59,700    இருப்பு    995 வரவு
```

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒரே நாளில் நடந்த இரண்டு வியாபாரம். வாங்கியது வாங்கிய நாளிலேயே பற்றாகிவிட்டது. விற்றது மட்டும் செட்டில்மென்ட் நாள் வரை காத்திருந்து வரவாகிறது. எடுப்பதென்றால் இன்றைக்கு, கொடுப்பதென்றால் நாளை மறுநாள். நடுவில் இரண்டு நாள் நான் 58,705 கடன்காரன்.

வாங்கியதை அன்றே லெட்ஜரில் எழுதுவது தனியாகப் பார்த்தால் தப்பில்லை. நிறையப் புரோக்கர்கள் பில் தேதியில்தான் எழுதுவார்கள். ஆனால் ஒழுங்கான லெட்ஜரில் அதற்குப் பக்கத்திலேயே ‘வேல்யூ டேட்’ என்று இன்னொரு தேதி இருக்கும். பணம் உண்மையில் கைமாற வேண்டிய நாள் அது. வட்டியை அந்தத் தேதி வைத்துத்தான் போட வேண்டும். என் லெட்ஜரில் அந்தப் பத்தியே இல்லை.

196.79 எப்படி வந்தது என்று உதவி மையத்தில் கேட்டேன். “சிஸ்டம் போடுறது சார், பிரேக்அப் எங்களுக்கே வராது” என்றார்கள். சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 6-லிருந்து 9 வரை நான்கு நாள் 70,410 பற்று. ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால் 138.89. 12, 13 இரண்டு நாள் 58,705 பற்று. அதற்கு 57.90. கூட்டினால் 196.79. பைசா பிசகவில்லை. அதே கணக்கைச் செட்டில்மென்ட் தேதி வைத்துப் போட்டால் ஒரு நாள்கூடப் பற்று இருப்பு வராது, வட்டி பூஜ்யம். இந்த இரட்டைக் கணக்குதான் அசைக்க முடியாத ஆதாரம். வெறுமனே ‘அதிகமாக எடுத்துவிட்டீர்கள்’ என்று எழுதினால் பதில் வராது. அவர்கள் எடுத்த தொகையை எந்த வழியில் எடுத்தார்கள் என்று நாமே போட்டுக் காட்டினால் மறுக்க வழியில்லை.

முன்னாடியே ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்கலாம். ஆப்பில் ‘ஃபண்ட்ஸ்’ பக்கம் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. 12-ஆம் தேதி இரவு அந்தப் பக்கத்தில் 995 இருப்பு என்று பச்சை நிறத்தில் காட்டியது. விற்ற பணம் இன்னும் செட்டில் ஆகாவிட்டாலும், அதைச் சேர்த்து ‘இவ்வளவுக்கு நீங்கள் வாங்கலாம்’ என்று காட்டும் எண் அது. லெட்ஜர் இருப்பு அல்ல. ஒரே நேரத்தில் ஆப்பில் 995 வரவு, லெட்ஜரில் 58,705 பற்று. முன்னதைக் காட்டி வியாபாரம் செய்யச் சொல்கிறார்கள், பின்னதை வைத்து வட்டி போடுகிறார்கள். எனவே ஃபண்ட்ஸ் பக்கத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். மாதம் ஒருமுறையாவது லெட்ஜரையே இறக்கிப் பாருங்கள்.

டி+1 சந்தைதானே எனக்கு, கவலையில்லை என்றும் நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை வாங்கினால் செட்டில்மென்ட் திங்கள்கிழமை. இதே விளையாட்டை ஆடினால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் வட்டி. நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் நீளும்.

டிவிடெண்டில்தான் இவர்கள் குணம் முழுசாகத் தெரிந்தது. நான் 6-ஆம் தேதி வாங்கிய பங்குக்கு, பங்குக்கு 5 வீதம் டிவிடெண்ட் அறிவித்திருந்தார்கள். எக்ஸ் டேட் 7. யார் யார் பங்குதாரர்கள் என்று நிறுவனம் தன் பதிவேட்டில் பார்க்கும் ரெக்கார்டு டேட் 10. எக்ஸ் டேட்டுக்கு முந்தின நாள் வரை வாங்கியவருக்கு டிவிடெண்ட் உண்டு. டி+2-வில் 6-ஆம் தேதி வாங்கியவர் சரியாக 10-ஆம் தேதி ரெக்கார்டில் வந்துவிடுவார். அதற்காகத்தான் எக்ஸ் டேட்டை ரெக்கார்டு டேட்டுக்கு ஒரு வேலை நாள் முன்னால் வைக்கிறார்கள். (டி+1 சந்தைகளில் இரண்டும் பொதுவாக ஒரே நாள்.) இந்தக் கணக்கில் பங்குகள் புரோக்கரின் பெயரில் இருப்பதால் டிவிடெண்ட் அவரிடம் வந்து, பிறகுதான் லெட்ஜரில் வரவாகும். இந்திய டீமேட் கணக்கு போல நேராக நம் வங்கிக்கு வராது. அப்படி நேராக வரும் இடத்தில் லெட்ஜரில் தேடிப் பயனில்லை.

நிறுவனம் 18-ஆம் தேதி பணம் கொடுத்துவிட்டது. லெட்ஜரில் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு வந்த பதில்: “உங்க பங்கு 10-ஆம் தேதிதான் செட்டில் ஆச்சு, எக்ஸ் டேட் 7, அதனால வராது சார்.” அதாவது வட்டி வாங்கும்போது நான் 6-ஆம் தேதியே பணம் கொடுக்க வேண்டியவன். டிவிடெண்ட் கொடுக்கும்போது 10-ஆம் தேதி வந்தவன். கான்ட்ராக்ட் நோட்டில் வாங்கிய தேதி 6 என்று அச்சிட்டிருப்பதையும், நிறுவனத்தின் அறிவிப்பையும் சேர்த்து அனுப்பிய பிறகு 27-ஆம் தேதி 900 வரவு வைத்தார்கள். 1,000-இல் 10 சதவீதம் வரிப் பிடித்தம். தொகை சரி. ஒன்பது நாள் என் பணம் அவர்களிடம் இருந்ததற்கு வட்டி மட்டும் கிடையாது!

வட்டிப் புகாருக்கு நான் அனுப்பியவை மூன்றே: மேலே உள்ள நான்கு வரிகள், இரண்டு விதமாகப் போட்ட வட்டிக் கணக்கு, ஒப்பந்தத்தில் செட்டில்மென்ட் நாள் பற்றிய பிரிவின் பக்கம். உதவி மையத்துக்கு அல்ல, அவர்களுடைய இணக்க அதிகாரிக்கு எழுதினேன். 196.79 திரும்பி வந்தது. லெட்ஜரில் அதன் விவரம் ‘நல்லெண்ண அடிப்படையில் தள்ளுபடி’. தள்ளுபடி செய்ய அது என் கடனா? அந்தச் சொல்லை மாற்றச் சொல்லி எழுதினேன். காரணம் வீம்பு இல்லை. தள்ளுபடி என்று ஒத்துக்கொண்டால் பழைய மாதங்களுக்குக் கேட்கும்போது ‘அது ஒருமுறைச் சலுகை’ என்பார்கள். அப்படியேதான் சொன்னார்கள்.

பழைய மாதங்களுக்கு வேல்யூ டேட்டோடு லெட்ஜர் கேட்டேன், அந்த வசதி இல்லை என்கிறார்கள். பரவாயில்லை. ஒவ்வொரு கான்ட்ராக்ட் நோட்டிலும் செட்டில்மென்ட் தேதி அச்சாகியிருக்கிறது. அவற்றை வைத்து நானே ஒரு லெட்ஜர் எழுதி, ஒவ்வொரு மாத வட்டி வரிக்கும் எதிரில் சரியான தொகையைப் போட்டு, சந்தையின் முதலீட்டாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கான்ட்ராக்ட் நோட்டுகளை மெயிலிலேயே விட்டுவைத்திருந்தால் இன்றைக்கே இறக்கி வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். கணக்கை மூடினால் புரோக்கர் தளத்தில் அவை கிடைக்கும் என்று நம்ப முடியாது, அவை இல்லாமல் இந்த வாதத்தைத் தொடங்கவே முடியாது.