கோப்புறைப் பெயரில் முதலில் நிற்க வேண்டியது ஆண்டா, நாளா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் குடிநீர்த் தாங்கி கட்டுவது, லயக் கூரை மாற்றுவது போன்ற சிறு வேலைகளின் படங்களையும் கணக்குகளையும் வைத்திருக்கும் கணினியில், நெடுநாளாக நாங்கள் கையால் எழுதும் முறையிலேயே, நாளை முதலில் இட்டுக் கோப்புறைகளுக்குப் பெயர் வைத்து வந்தோம். பெயர் வரிசைப்படி அடுக்கியபோது அவை இப்படி நின்றன:

```
03-02-2024 கூரை
05-11-2023 தாங்கி
12-01-2024 குழாய்
20-03-2023 வடிகால்
```

கணினி பெயரை இடமிருந்து வலமாக ஒப்பிடுவதால், இங்கே முதலில் பார்க்கப்படுவது மாதத்தின் நாள்தான். அதனால் எல்லாவற்றுக்கும் முந்திய வடிகால் வேலை கடைசியில் போய் நிற்கிறது. மாதப் பெயரை எழுத்தில் முன்வைத்தால் ஏப்ரலுக்குப் பின் ஒக்டோபரும் அதன் பின் ஓகஸ்டும் வரும் என்பதால், அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

பெயரைத் தொடாமல், மாற்றப்பட்ட திகதிப்படி அடுக்கிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள்; நானும் சில மாதங்கள் அப்படித்தான் இருந்தேன். பழைய கோப்புறை ஒன்றுக்குள் ஒரு பற்றுச்சீட்டை ஸ்கேன் செய்து போட்டதும், அந்தக் கோப்புறையின் திகதி அன்றைய திகதியாகிவிட்டது. பிறகு அச்செடுப்பதற்காக எல்லாவற்றையும் பென் டிரைவில் நகலெடுத்துக் கொமியூனிகேசன் கடைக்குக் கொண்டுபோனபோது, நகலெடுத்த வேளையே எல்லாக் கோப்புறைகளுக்கும் திகதியாகி, பழைய வரிசை அடியோடு போயிற்று.

ஆகவே இப்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுகிறோம். 1988இல் வெளிவந்த ISO 8601 தரமும் இந்த வரிசையையே வகுத்திருக்கிறது.

```
2023-03-20 வடிகால்
2023-11-05 தாங்கி
2024-01-12 குழாய்
2024-02-03 கூரை
```

நான் இதன் பக்கம் சாய்வதற்கான காரணம் பராமரிப்புதான்: வரிசை பெயருக்குள்ளேயே இருப்பதால், எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே போகிறது. ஆனால் ஒற்றை இலக்க மாதத்துக்கும் நாளுக்கும் முன்னால் பூச்சியம் இட்டே ஆக வேண்டும். விண்டோஸ் எக்ஸ்புளோரர் இலக்கங்களை எண்ணாகவே மதிப்பதால், `2024-9` என்று எழுதினாலும் அங்கே அது `2024-10`க்கு முன்னால்தான் நிற்கும். அதனாலேயே பிழை கண்ணில் படாது. லினக்ஸில் `ls` இட்டால் 10 முன்னுக்கு வந்துவிடும். கோடு, அடிக்கோடு, வெறும் இலக்கம் என்று கலந்து எழுதினாலும் இதே வகைத் தொல்லை வரும் என்பதால், ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது. மக் கணினியில் நான் அதிகம் வேலை செய்ததில்லை.

நாள் தெரியாத பழைய படங்களுக்கு `2019-06-00` என்று இடுகிறோம். அவை அந்த மாதத்தின் தலைப்பில் வந்து நிற்கும். பல வாரங்கள் நீளும் வேலைக்குத் தொடங்கிய நாளையே எழுதுகிறோம், முடிந்த பிறகும் அதை மாற்றுவதில்லை.