120 டிக்கெட் 70 ஆனது யாரால்? ஒரே வேலையை அப்ரைசலில் எழுத மூன்று வழிகள்

சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றின் உதவிப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்குச் சராசரியாக 120 டிக்கெட், அதாவது வாடிக்கையாளர்கள் பதிவுசெய்யும் புகார்கள், வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது 70 வருகிறது. பே-ஸ்லிப் இறங்காதபோது திரையில் வரும் புரியாத பிழைச் செய்தியை அவர் மாற்றி எழுதினார், ஓர் உதவிப் பக்கமும் தயாரித்தார். இதை வருடாந்தர சுய மதிப்பீட்டில் எப்படி எழுதுவது?

முதல் வழி, வேலைப் பட்டியல். "பே-ஸ்லிப் புகார்களைக் கையாண்டேன். உதவிப் பக்கம் எழுதினேன். வாராந்தரக் கூட்டங்களில் பங்கேற்றேன்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை யாராவது படித்தார்களா, புகார் குறைந்ததா என்று மேலாளருக்குத் தெரியாது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். "செய்யப்பட்டது" என்று முடித்தால் இன்னும் மோசம், செய்தது யார் என்பதே காணாமல் போய்விடும்.

இரண்டாவது வழி, முடிவை மட்டும் சொல்வது. "டிக்கெட் எண்ணிக்கையை 42 சதவீதம் குறைத்தேன்." படிக்க எடுப்பாக இருக்கிறது, எண்ணும் சரிதான். சிக்கல் "குறைத்தேன்" என்ற சொல்லில் இருக்கிறது. அதே காலத்தில் சக ஊழியர் ஒருவர் லாகின் கோளாறு ஒன்றைச் சரிசெய்திருந்தார். அவருடைய படிவமும் அதே மேலாளரின் மேசைக்குத்தான் போகும். இரண்டு பேரும் அதே 50 டிக்கெட்டுக்கு உரிமை கோரினால், இருவர் எழுதிய மற்ற வரிகள் மீதும் சந்தேகம் விழும்.

மூன்றாவது வழி, கணக்கைப் பிரித்து எழுதுவது. நான் இதன் பக்கம்தான். முதலில் எந்த மாதங்களை ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வரிச் சலுகைக்கான முதலீட்டு ஆதாரங்களைக் கொடுக்கும் காலம் என்பதால் கேள்விகள் குவியும். அதை ஜூலையோடு ஒப்பிட்டால் யாரும் எதுவும் செய்யாமலே எண்ணிக்கை குறைந்திருக்கும். அதனால் இந்த வருட ஜூலை–செப்டம்பரைப் போன வருட ஜூலை–செப்டம்பரோடு வைத்துப் பார்க்க வேண்டும். நம் 120-ம் 70-ம் அப்படி எடுத்தவைதான். வாடிக்கையாளர் எண்ணிக்கை மாறவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அப்புறம் வகை பிரித்துப் பார்த்தால், லாகின் டிக்கெட் 45-லிருந்து 20 ஆகியிருக்கிறது, பே-ஸ்லிப் 40-லிருந்து 15 ஆகியிருக்கிறது, மற்றவை 35-லேயே நிற்கின்றன. ஆக, குறைந்த 50-ல் இவர் பேசக்கூடியது 25 பற்றி மட்டுமே. இந்த வகைப்பாட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது. அவசரத்தில் தவறான வகையில் போட்ட டிக்கெட்டுகள் இருக்கும். குத்துமதிப்பாக 20 டிக்கெட்டுகளைத் திறந்து படித்தாலே எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது பதிவு இப்படி வரும்: "பே-ஸ்லிப் டிக்கெட் மாதம் 40-லிருந்து 15 ஆகக் குறைந்தது (ஜூலை–செப்டம்பர், போன வருடத்தின் அதே மாதங்களோடு). பிழைச் செய்தியின் வாசகத்தையும் உதவிப் பக்கத்தையும் நான் எழுதினேன், நிரலில் மாற்றியது டெவலப்பர் குழு. மொத்தக் குறைவில் இன்னொரு பாதி லாகின் திருத்தத்தால் வந்தது, அது என் வேலை அல்ல." 25 என்பது 50-ஐவிடச் சிறிய எண்தான். ஆனால் மதிப்பீட்டுக் கூட்டத்தில் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் அது நிற்கும்.

ஆதாரத்திலும் தரம் உண்டு. "அருமையான வேலை" என்ற பாராட்டு மெயில் ஒருவர் மகிழ்ந்தார் என்பதைக் காட்டும், அதற்கு மேல் இல்லை. டேஷ்போர்டு ஸ்கிரீன்ஷாட் பரவாயில்லை, ஆனால் எந்த வடிகட்டியில் எடுத்தது என்று தெரியாவிட்டால் இன்னொருவரால் சரிபார்க்க முடியாது. டிக்கெட் பட்டியலை ஏற்றுமதி செய்து, எடுத்த தேதியையும் தேடல் நிபந்தனையையும் குறித்து வைப்பதுதான் உறுதியானது. இதை அந்தந்தக் காலாண்டிலேயே செய்துவிடுங்கள். பழைய டிக்கெட்டுகளைக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டால் மார்ச்சில் கிடைக்காது.

மூன்றாவது வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. புதிதாக வந்தவருக்கு மூன்று மாதம் பழக்கியது, இரவு ஷிப்ட் பார்த்தது போன்ற வேலைகளுக்கு முன்–பின் எண் கிடைக்காது. அங்கே எண்ணை வலிந்து தேடாமல் முதல் வழிக்கே போகலாம், கையில் ஆதாரம் மட்டும் இருக்க வேண்டும். "ஷிப்ட் அட்டவணைப்படி 14 இரவுகள்", "புதியவர் இரண்டாம் மாதம் முதல் தனியாக டிக்கெட் முடிக்கிறார்" என்று எழுதினால் போதும். அவர் வேகமாகக் கற்றதில் அவருடைய உழைப்பும் உண்டு என்பதால், "என்னால்தான்" என்ற சொல் அந்த வரியில் வேண்டாம்.