முப்பது வயதுக்காரர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்?

எங்கள் வாசகர் வட்டத்துக்காக நூலகத்துக்கு வருபவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினோம். படிவத்தைத் தயாரித்தவன் நான். வயதுக் கேள்விக்குக் கீழே 20–30, 30–40, 40–50, 50க்கு மேல் என்று நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன். நிரம்பி வந்த படிவங்களைப் பிரித்து அடுக்கியபோதுதான் தவறு தெரிந்தது. சிலர் இரண்டு கட்டங்களில் டிக் அடித்திருந்தார்கள். ஒருவர் இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டு, பக்கத்தில் '30' என்று எழுதியிருந்தார். அடுத்த முறை படிவத்தை மாற்றினோம். அதற்கு முன் எடைபோட்ட வழிகள் நான்கு: முனைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் கட்டங்கள், விழாத கட்டங்கள் (20–29, 30–39), வயதையே எண்ணாக எழுதச் சொல்வது, பிறந்த தேதி கேட்பது. நான் மூன்றாவதன் பக்கம்.

முதல் வகை பள்ளிக் கணக்குப் புத்தகத்திலிருந்து வருகிறது. நிகழ்வெண் பட்டியலில் 0–10, 10–20 என்று எழுதினால், மேல் எல்லை அந்தப் பிரிவில் சேராது, 10 அடுத்த பிரிவுக்குப் போகும் என்று படித்திருக்கிறோம். கணக்குப் போடுகிறவருக்கு அந்த விதி தெரியும். படிவத்தை நிரப்புகிறவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. '20–30' என்று வாசிக்கிறவர் முப்பதும் அதில் சேர்த்தி என்றுதான் எடுத்துக்கொள்வார், அதில் தவறும் இல்லை.

பத்து வயதில் ஒரு வயதுதானே குழம்புகிறது, பெரிய பிழை வராது என்று தோன்றலாம். ஆனால் நம் ஊரில் வயது அப்படிச் சீராகப் பரவியிருப்பதில்லை. வயது கேட்டால் 29, 31, 41 என்று சொல்பவர்களைவிட 30, 40, 50 என்று சொல்பவர்கள் அதிகம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒற்றை வயது அட்டவணையைப் பார்த்தால் 0, 5 என முடியும் வயதுகளில் எண்ணிக்கை குன்றுபோல் எழுந்து நிற்கும். இந்தக் குவியலை அளப்பதற்கென்றே விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. 23 முதல் 62 வயது வரையிலானவர்களில் 0 அல்லது 5 என முடியும் வயதைச் சொன்னவர்கள், வர வேண்டிய ஐந்தில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் எத்தனை சதவீதம் என்று அது காட்டும். குவியலே இல்லாவிட்டால் 100, எல்லோரும் அந்த வயதுகளையே சொன்னால் 500. ஆக, முனைகள் மோதும் கட்டங்களில் எல்லைக் கோடு விழுவது கூட்டம் மிக நெருக்கமாக நிற்கும் இடத்தில்தான்.

எண்களை எளிதாக்கி ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 200 பேர். 20–29 வயதில் 60 பேர், சரியாக 30 வயதில் 16, 31–39இல் 44, சரியாக 40இல் 14, 41–49இல் 36, சரியாக 50இல் 10, அதற்கு மேல் 20 என்று கொள்வோம். முறையாகப் பிரித்தால் இருபதுகளில் 60, முப்பதுகளில் 60, நாற்பதுகளில் 50, ஐம்பதும் அதற்கு மேலும் 30. இப்போது என் பழைய படிவத்தைக் கொடுப்போம். முப்பது வயதுக்காரர்களில் பாதிப் பேர் கீழ்க் கட்டத்திலும் பாதிப் பேர் மேல் கட்டத்திலும் டிக் அடிக்கிறார்கள். நாற்பதிலும் அப்படியே. ஐம்பது வயதுக்காரர்களுக்கு 40–50 என்ற கட்டம் மட்டுமே பொருந்தும், ஏனென்றால் அடுத்தது 'ஐம்பதுக்கு மேல்'. கிடைப்பது 68, 59, 53, 20.

இரண்டாம் எண்ணைப் பாருங்கள். 60க்குப் பதில் 59, பிழையே இல்லாததுபோல் இருக்கிறது. ஆனால் முப்பது வயதில் எட்டுப் பேர் வெளியே போய், நாற்பது வயதில் ஏழு பேர் உள்ளே வந்திருக்கிறார்கள். எண்ணிக்கை சரியாக இருப்பதாலேயே ஆள் மாறியது கண்ணில் படாது. கடைசிக் கட்டத்திலோ மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கலாமா என்று முடிவெடுக்க நாங்கள் பார்க்கவிருந்தது அந்தக் கட்டத்தைத்தான்.

இரண்டாம் வகையான 20–29, 30–39 இந்த மோதலைத் தீர்த்துவிடுகிறது. பெரும்பாலான படிவங்களுக்கு அது போதும், ஒரு வார்த்தையைச் சேர்த்தால். 'எனக்கு முப்பது' என்பவருக்கு முப்பது முடிந்திருக்கலாம், 29 முடிந்து முப்பது நடந்துகொண்டும் இருக்கலாம். நாம் இரண்டு விதமாகவும் பேசுகிறோம். ஆகவே கேள்வி 'நிறைவடைந்த வயது' என்று இருக்க வேண்டும். 'கடந்த பிறந்தநாளன்று எத்தனை வயது முடிந்தது?' என்று கேட்டால் இன்னும் தெளிவு. அப்படிக் கேட்டால் இருபத்தொன்பதரை வயதுக்காரர் எங்கே போவார் என்ற கேள்வியும் எழாது, அவர் 29தான்.

இருந்தும் நான் எண்ணை எழுதச் சொல்லும் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றே: பிறகு வேறு விதமாகப் பிரிக்க முடியும். ஒருவர் 20–29இல் டிக் அடித்துவிட்டால் அவருக்கு 21ஆ 28ஆ என்பது அத்தோடு போயிற்று. எங்கள் கணக்கை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிக்கப்பட்ட மக்கள்தொகை அட்டவணையோடு ஒப்பிட நினைத்தபோது பழைய படிவங்கள் உதவவில்லை. எண் கையில் இருந்தால் 20–24, 25–29 என்றும் பிரிக்கலாம். குவியல் பலமாகத் தெரிந்தால் 28–32, 33–37 என்று குவியும் வயதை நடுவில் வைத்தும் பிரிக்கலாம். குவியல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே எண் வேண்டும்.

ஆனால் எல்லைத் தவறு இதோடு ஒழிந்துவிடாது, படிவத்திலிருந்து கணினிக்கு இடம் மாறும். எக்செல்லில் `FREQUENCY` 30ஐக் கீழ்ப் பிரிவில் சேர்க்கும். தோராயப் பொருத்தத்தில் `VLOOKUP` அதே 30ஐ மேல் பிரிவில் சேர்க்கும். பைத்தான் மொழியின் பாண்டாஸ் நிரலகத்தில் `cut` இயல்பாக மேல் எல்லையைச் சேர்த்துக்கொண்டு கீழ் எல்லையை விட்டுவிடும், அதாவது முதல் எல்லை 20 என்றால் 20 வயதுக்காரர் எந்தப் பிரிவிலும் வரமாட்டார். நான் எழுதுவது இப்படி:

```
pd.cut(age, bins=[20, 30, 40, 50, 120], right=False)
```

பிரித்த பிறகு சரியாக 30 வயதுள்ள ஒருவரைத் தேடி, அவர் எங்கே விழுந்தார் என்று பார்த்துவிடுவேன். பிரிவுகளின் கூட்டுத்தொகை மொத்தப் படிவங்களுக்குச் சமமா என்பதையும் பார்ப்பேன். முன்னது இடம் மாறியவரைக் காட்டும், பின்னது விடுபட்டவரைக் காட்டும்.

எண்ணாகக் கேட்பதில் ஒரு நஷ்டம் உண்டு. வயதைச் சொல்லத் தயங்குகிறவர் பத்து வயதுக் கட்டத்தில் டிக் அடித்துவிடுவார், எண்ணை எழுதும் இடத்தை வெறுமையாக விடுவார். எங்களுக்கு அப்படிச் சிலர்தான். ஆனால் நூலகத்தில் முகம் தெரிந்தவர்களிடம் காகிதப் படிவம் கொடுத்த அனுபவம்தான் என்னுடையது, இணையப் படிவத்தில் இது கூடலாம்.

பிறந்த தேதி மிகத் துல்லியம். ஆனால் பெயரோடு சேர்ந்தால் ஆளை அடையாளம் காட்டிவிடும், ஒரு நூலகக் கணக்கெடுப்புக்கு அது தேவையில்லை. பிறந்த ஆண்டை மட்டும் கேட்டால் பிறந்தநாள் வந்துவிட்டதா இல்லையா என்பதில் ஓராண்டு ஊசலாடும்.

பழைய படிவங்களை நாங்கள் தூக்கிப் போடவில்லை. 20–30, 30–40 இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் முப்பது வயதுக்காரர் எங்கே டிக் அடித்திருந்தாலும் கவலையில்லை. இரண்டிலும் அடித்தவர்களையும் ஒருமுறை எண்ணிச் சேர்க்க முடிந்தது. நாற்பதில் மட்டும் குழப்பம் மிஞ்சியது, அட்டவணைக்குக் கீழே அதைக் குறிப்பாக எழுதினோம். ஐம்பதுக்கு மேற்பட்டோர் பற்றிய கேள்வியைப் புதிய படிவத்தில் மறுபடி கேட்டோம்.