எதை மறைக்கிறார்: திறந்த வினாவா, சுட்டும் வினாவா?

உண்மையை மறைத்தோ திரித்தோ சொல்லும் நம்பகமற்ற கதைசொல்லியை வைத்து வினா எழுதும் ஆசிரியர்களுக்கு வரும் குழப்பம் இது. ஒரு பத்தி:

"தம்பி கடனில் தவித்தான், பத்தாயிரம் கொடுத்தேன். அந்த வாரம்தான் அம்மாவின் வளையல் காணாமல் போனது. வேலைக்கார அம்மாவை நிறுத்தினோம். பாவம், அவருக்காக நான் பரிந்து பேசினேன்."

திறந்த வினா: கதைசொல்லி எதைச் சொல்லாமல் விடுகிறார்?
சுட்டும் வினா: பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று எந்த வரி சொல்கிறது?

தயாரிப்பு: திறந்தது எந்தப் பத்திக்கும் ஒட்டும். சுட்டும் வினாவுக்கு, விடுபட்ட இடத்தை நாமே முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

திருத்தம்: திறந்ததில் "அவர்தான் திருடினார்" என்ற விடையே குவியும். பத்தி அப்படிச் சொல்லவே இல்லை; மதிப்பெண் போடுவது தலைவலி. சுட்டும் வினாவுக்கு விடை ஒன்றுதான்: எந்த வரியும் சொல்லவில்லை.

ஆழம்: இங்கே திறந்ததே மேல். யாரும் கேட்காமலே "பரிந்து பேசினேன்" என்கிறாரே, ஏன்? கூர்மையான மாணவர் அங்கே நிற்பார். சுட்டும் வினா அவரைப் பணத்தின் பக்கம் இழுத்துவிடும்.

புதிதாகப் பழகுபவர்களுக்குச் சுட்டும் வினா போதும். பழகியவர்களுக்குத் திறந்த வினாவைக் கொடுங்கள். ஆனால் "சான்றாக ஒரு வரியைக் காட்டுக" என்று கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.