விந்துப் பரிசோதனையா, நாள் பார்ப்பதா: ஒரு வருஷம் ஆகியும் கரு தங்கவில்லை என்றால் முதலில் எது?

மார்த்தாண்டம் பக்கம் ஒரு லேபில் சாம்பிள் வாங்கி ரிப்போர்ட் எழுதுகிற வேலை எனக்கு. ஒரு வருஷம் கடந்தும் கரு தங்காமல் வருகிற ஜோடிகளில் பெரும்பாலும் மனைவியின் கையில்தான் ஃபைல் இருக்கும். ஸ்கேன், தைராய்டு, மொபைலில் நாள் குறித்து வைத்த ஆப் என்று எல்லாம் இருக்கும். கணவருடைய பெயரில் ஒரு தாள்கூட இருக்காது. "இவங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா, எனக்குத்தான் நாள் சரியா பிடிபடல"ன்னு அந்தப் பெண்ணே சொல்வாள், பக்கத்தில் மாமி தலையாட்டுவாங்க. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் நாள் பார்ப்பது. முட்டை வெடித்தபின் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது, விந்தணு கருப்பைப் பாதையில் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆக, வெடிக்கிற நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாளையும் சேர்த்து ஆறு நாள்தான் கணக்கு, அதிலும் கடைசி மூன்று நாள் நல்ல நாள். இந்த ஆறு நாளைத் தவறவிடாமல் இருக்கத்தான் ஆப், முட்டை வெடிக்கப்போவதைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் கிட், ஸ்கேன் எல்லாம். மாதவிடாய் மாதாமாதம் ஒழுங்காக வந்து, கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்து, ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் அந்த ஆறு நாளும் தானாகவே உள்ளே வந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கிட் புதிதாக ஒன்றும் பெரிதாகச் சேர்த்துத் தராது.

விந்துப் பரிசோதனை ஒரே காலையில் முடிகிற காரியம், தொடர் ஸ்கேனோடு பார்த்தால் செலவும் குறைவு. அது சொல்லும் விஷயத்தை எத்தனை மாசம் நாள் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏழு மாசம் ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டை ஸ்கேனுக்கு அலைந்த ஒரு பெண்ணின் கணவருக்கு, கடைசியில் சாம்பிள் பார்த்தபோது ஒரு அணுகூட இல்லை. சாம்பிளைச் சுழற்றி அடியில் படிந்ததையும் தேடிப் பார்த்தேன், இல்லை. அதற்கும் வழி இருக்கிறது, அடைப்பா உற்பத்தியே இல்லையா என்று பார்த்துச் சிகிச்சை சொல்வார்கள். ஆனால் அவள் இழந்த ஏழு மாசத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அன்றிலிருந்து என் அபிப்பிராயம் ஒன்றுதான்: பரிசோதனைக்கு வந்த முதல் மாசத்திலேயே விந்துப் பரிசோதனை நடக்கணும், நாள் பார்ப்பது அதோடு சேர்ந்து போகட்டும், அதற்கு முன்னால் தனியாக ஓட வேண்டாம்.

ஆனால் விந்துப் பரிசோதனையும் ஏமாற்றும், அதையும் சொல்லணும். குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தார்கள். அவர் ரப்பர் பால் வெட்டுகிறவர், மனைவிக்கு 27 வயது, 14 மாசமாக முயற்சி. அவருடைய முதல் சாம்பிள் வீட்டில் எடுத்தது. சோப்பு போட்டுக் கழுவிய தைலக் குப்பியில் ஊற்றி, சட்டைப் பையில் வைத்து, மழையில் பைக்கில் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். அளவு 1.1 மில்லி. ஒரு மில்லிக்கு 2.2 கோடி அணு, அதில் அசைவு 19 சதவீதம் மட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து மனுஷர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மெதுவாகக் கேட்டேன், "அண்ணா, எல்லாம் குப்பியில விழுந்துதா?" முதல் கொஞ்சம் வெளியே போய்விட்டது என்றார். அந்த முதல் பகுதியில்தான் அணு அதிகம், அது போனால் ரிப்போர்ட்டே வேறு ஆளுடையது மாதிரி ஆகிவிடும். அதோடு குப்பியில் சோப்பு, மழைக் குளிர், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று அசைவு செத்துப்போக இத்தனை காரணம். கேட்டால் "இருபது நாள் சேர்த்து வச்சோம், அப்பதான் பலமா இருக்கும்னு சொன்னாங்க" என்கிறார். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிஞ்சாமல் இடைவெளி விட்டால் போதும். ரொம்ப நாள் தேக்கினால் எண்ணிக்கை கூடும், அசைவு குறையும்.

மூன்று வாரம் கழித்து, மூன்று நாள் இடைவெளியில், லேபிலேயே தனி அறையில், நாங்கள் கொடுத்த டப்பாவில் எடுத்தார். 2.3 மில்லி, ஒரு மில்லிக்கு 2.4 கோடி, அசைவு 46 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லை 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1.6 கோடி, அசைவு 42. ஒரு வருஷத்துக்குள் மனைவி கருவுற்று அப்பாவான ஆண்களில் 100 பேரை எடுத்தால் 95 பேர் அதற்கு மேலே இருக்கிற கோடு அது. மீதி ஐந்து பேர் கோட்டுக்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள். அதனால் ஒரு எண் கீழே போனதும் முடிந்தது என்று நினைக்கக் கூடாது, ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவும் கட்டக் கூடாது. அணு உருவாக இரண்டரை மாசம் பிடிக்கும், இடையில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் அதன் பாதிப்பு அத்தனை நாள் தெரியும். அப்படி என்றால் மூன்று மாசம் கழித்துத் திரும்பப் பார்க்கணும்.

சரி, இவர்களுக்கு அவர் பக்கம் பரவாயில்லை. அப்புறம்தான் நாள் விஷயம் வேலைக்கு வந்தது. அவளுக்கு மாதவிடாய் 33 நாளுக்கு ஒருமுறை. ஆப் என்னவோ 28 நாள் கணக்கில் 14-ஆம் நாளைக் காட்டியிருக்கிறது, இவர்களும் 12, 13, 14 என்று சேர்ந்துவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். முட்டை வெடித்து அடுத்த மாதவிடாய் வர சுமார் 14 நாள் ஆகும் என்பதுதான் ஓரளவு மாறாதது, அதனால் பின்னாலிருந்து எண்ணணும்: 33-இல் 14 போனால் 19. இவர்கள் மாசாமாசம் சீக்கிரமே நிறுத்திவிட்டு, நல்ல நாள் வரும்போது சும்மா இருந்திருக்கிறார்கள். 15-ஆம் நாளிலிருந்து கிட் போடச் சொன்னார் டாக்டர். 18-ஆம் நாள் மதியம் இரண்டாவது கோடு முதல் கோட்டுக்குச் சமமாக அடர்த்தியாக வந்தது. அது வந்தால் ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வெடிக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிட்டுக்கும் ஒரு குறை உண்டு. அது ஹார்மோன் ஏறியதைத்தான் காட்டும், வெடித்ததைக் காட்டாது. பிசிஓஎஸ் இருக்கிறவர்களுக்கு அந்த ஹார்மோன் சும்மாவே உயர்ந்திருக்கும், கோடு நாலைந்து நாள் தொடர்ந்து வந்து குழப்பும். அவர்களுக்கும் மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்கும் ஸ்கேன்தான் சரி. வெடித்ததா என்று உறுதி செய்ய புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எல்லாரும் 21-ஆம் நாள் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள், அது 28 நாள்காரர்களுக்கு. இவளுக்கு 26-ஆம் நாள் எடுத்தோம், 9 வந்தது. 3-க்கு மேல் என்றால் முட்டை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் தெளிவான பிறகு, கருக்குழாய் திறந்திருக்கிறதா என்ற அடுத்த பரிசோதனைக்கு டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார்.

மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம், ஆறு மாசத்திலேயே போங்கள்.

நம்ம மாவட்டத்தில் நாள் பார்ப்பது ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. வளைகுடாவில் வேலை செய்கிறவர்களும், தூத்தூர், வள்ளவிளை பக்கம் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாதவர்களும். கல்யாணமாகி இரண்டு வருஷம் என்று கவலையோடு வருவார்கள், எண்ணிப் பார்த்தால் சேர்ந்து இருந்தது 85 நாள், கிடைத்தது இரண்டோ மூன்றோ வாய்ப்பு. அது ஒரு வருஷ முயற்சியே இல்லை. இவர்களுக்கு லீவு டிக்கெட் எடுக்கும்போதே அவளுடைய தேதியை எண்ணுவது நிஜமாகவே பலன் தரும். அப்போதும் விந்துப் பரிசோதனையை ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடச் சொல்வேன். ரொம்ப நாள் தேக்கி வைக்காமல் இடைவெளியை மட்டும் சரியாக வைத்துக்கொண்டால், சரியில்லை என்று வந்தாலும் ஃபிளைட் ஏறுவதற்குள் இன்னொரு சாம்பிள் பார்க்க நாள் இருக்கும்.