சின்னப் பவுத்திரந்தான், கீறிவிட்டா போதும்!

வெளிநாட்டிலிருந்து ஆறு வார லீவில் ஊருக்கு வந்த உறவுக்காரருக்கு மூன்றாவது வாரம் ஆசனவாய் ஓரத்தில் ஒரு வீக்கம். வயது 34, எடை 60 கிலோ. கிரோன் என்ற குடல் அழற்சி நோய்க்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் 40 மில்லிகிராம் பேனா ஊசி போடுகிறவர். உட்கார முடியாத விண்விண் வலி, இரவில் காய்ச்சல். டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ளே போனால், பார்த்து முடிக்க நான்கு நிமிடம். "ஒண்ணும் பயப்படாதீங்க, சின்னப் பவுத்திரந்தான். கீறிவிட்டா போதும், மூணு நாள்ல எழுந்து நடமாடலாம்."

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு முழுக்க. மற்றது பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தது.

கிரோன் இல்லாதவருக்கு அந்த வைத்தியர் சொன்னது பல நேரம் சரியாகவே இருக்கும். மேலோட்டமாக ஓடும் பவுத்திரத்தைத் திறந்துவிட்டால் அடியிலிருந்து சதை வளர்ந்து மூடிவிடும். கிரோனில் கதை வேறு. பெருங்குடல் புண் நோயில் அழற்சி பெருங்குடலின் உள்தோலோடு நிற்கும். கிரோன் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், நடுவில் நல்ல இடம் விட்டு விட்டுக்கூட வரும். குடல் சுவரின் முழு தடிமனையும் துளைத்து இறங்கும். அப்படித் துளைத்துக்கொண்டு வெளித்தோல் வரை வந்த பாதைதான் இந்தப் பவுத்திரம். அது மலத்தை அடக்கும் சுருக்குத் தசைக்குள் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது வெளியே தெரியும் ஓட்டையைப் பார்த்தால் தெரியாது. தெரியாமல் கீறினால் தசை போகும். உள்ளே அழற்சி அடங்காததால் கீறின புண்ணும் மாதக்கணக்கில் ஆறாது. பவுத்திரத்தோடு வந்தவர் மலத்தை அடக்க முடியாதவராகத் திரும்பிப் போகலாம்.

கூடவே பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டுக்குச் சீட்டு வேறு. ஸ்டீராய்டு பவுத்திரத்தை ஆற்றாது. வடியாத சீழ் உள்ளே இருக்கும்போது கொடுத்தால் தொற்று பரவத்தான் வழி.

இப்போது நல்ல செய்தி. இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ அன்று சாயங்காலமே எடுத்தாகிவிட்டது. வெளிநாட்டில் இதே படத்துக்குக் குடும்ப டாக்டர் கடிதம், அப்புறம் காத்திருப்புப் பட்டியல், அப்புறம் தபாலில் ஒரு தேதி. அங்கே முறை தெரியும், நாள் கிடைக்காது. இங்கே நாள் கிடைக்கிறது, முறை ஆளுக்கு ஆள் மாறுகிறது. படத்தில் தெரிந்தது: உள் சுருக்குத் தசையையும் வெளிச் சுருக்குத் தசையையும் குறுக்கே கடக்கும் ஒரு பாதை, அதன் ஓரத்தில் ஒரு சீழ்க்கட்டி. கீறும் பேச்சு அதோடு நின்றது.

இரண்டாவதாகப் பார்த்த அறுவை மருத்துவர் செய்ததுதான் சரியான வரிசை. மயக்கம் கொடுத்து விரலாலும் கம்பியாலும் பாதையைத் தேடி, முதலில் சீழை வடித்தார். பிறகு வெளி ஓட்டை வழியாக ஒரு மெல்லிய நூலை நுழைத்து, பாதை முழுக்க ஓட்டி, உள் ஓட்டை வழியாக ஆசனவாய்க்குள் கொண்டுவந்து, வெளியே வளையமாகத் தளர்வாகக் கட்டினார். இதற்கு செட்டான் என்று பெயர். தளர்வு என்பதுதான் இங்கே முக்கியம். சாதாரணப் பவுத்திரத்துக்குச் சிலர் இறுக்கிக் கட்டித் தசையை மெல்ல அறுப்பார்கள். கிரோனில் அது கூடாது. இந்த நூலின் வேலை ஓட்டை மூடாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கப் பார்த்துக்கொள்வது மட்டும். கூடவே மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். அவை தொற்றையும் கசிவையும் குறைக்கும், பாதையை மூடாது. மெட்ரோனிடசோல் நீண்ட நாள் போனால் பாதத்தில் மதமதப்பு வரலாம். வந்தால் உடனே சொல்லி நிறுத்த வேண்டும்.

அடுத்த கேள்வி ஊசி. "இந்த ஊசி வேலை செய்யல, வேற மாத்திடுங்க" என்று ஒருவர் சொன்னார். அளந்து பார்க்காமல் இதைச் சொல்லவே முடியாது. அடுத்த ஊசி போடுவதற்குச் சற்று முன், அதாவது மருந்து இரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், மருந்தின் அளவையும் அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையும் பார்க்க வேண்டும். இவருக்கு வீக்கம் வந்தது ஊசி போட்ட பத்தாம் நாள், சீழ் வடித்தது பதினோராம் நாள். பதினான்காம் நாள் இரத்தம் எடுத்துக்கொண்டு, காய்ச்சலும் அடங்கியிருந்ததால், அன்றே ஊசி போட்டார்கள். சீழ் வடியாமல் இருந்திருந்தால் ஊசியை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ஊசி தள்ளிப்போய் இருபதாம் நாள் இரத்தம் எடுத்திருந்தால் அளவு குறைவாகத்தான் வந்திருக்கும். அது மருந்தின் தோல்வியா, தாமதத்தின் விளைவா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முடிவு வந்தது: மில்லி லிட்டருக்கு 4 மைக்ரோகிராம், எதிர்ப்புப் பொருள் இல்லை. குடல் அழற்சிக்கே 8 முதல் 12 வரை இருக்க வேண்டும் என்பார்கள், பவுத்திரம் ஆற அதற்கும் மேலே வேண்டும். அப்படியென்றால் மருந்து தோற்கவில்லை, போதவில்லை. வாரம் ஒரு பேனா என்று கூட்டினார்கள். எதிர்ப்புப் பொருள் நிறைய இருந்து மருந்து காணாமல் போயிருந்தால், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப் என்ற பொருளைத் தடுக்கும் அதே வகையில் இன்ஃப்ளிக்சிமாப்புக்கு மாறியிருப்பார்கள். பவுத்திரத்துக்கு மிக அதிகச் சான்று உள்ள மருந்து அதுதான். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் இவருக்கு 300, அதாவது 100 மில்லிகிராம் குப்பி மூன்று; முதல் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது. மறுபடி எதிர்ப்பு உண்டாகாமல் இருக்க, நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரினும் சேர்ப்பார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு நிறைய இருந்தும் சீழ் நிற்கவில்லை என்றால்தான் வகையையே மாற்றி உஸ்டெகினுமாப் போன்றவற்றுக்குப் போவது. பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்யும் வெடோலிசுமாப் தொற்று பயம் உள்ள வயதானவர்களுக்கு நல்ல தேர்வு, ஆனால் பவுத்திரத்தில் அதற்குச் சான்று குறைவு.

ஒரு இடைச்செருகல்: பேனாக்களைப் பாசத்தோடு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு ஒட்டினாற்போல் வைத்துவிட்டார்கள். ஒன்று உறைந்துவிட்டது. உறைந்தது உருகினாலும் உதவாது, தூக்கிப் போட வேண்டியதுதான். 2 முதல் 8 டிகிரிக்குள் நடுத்தட்டில், அட்டைப் பெட்டியோடு வைக்க வேண்டும். விமானத்தில் கைப்பையில்.

செட்டானை எப்போது எடுப்பது என்பது திரும்பிப் போனபின் அங்குள்ளவர்கள் பார்க்க வேண்டியது. மருந்து பிடித்துக் கசிவு நின்றபின் எடுப்பார்கள். முன்னாடியே எடுத்தால் மறுபடி சீழ்க்கட்டி, எடுக்காமலே விட்டால் பாதை மூடாது. வெளி ஓட்டை மூடிக்கொண்டதைப் பார்த்து ஆறிவிட்டது என்று நம்பக் கூடாது. விரலால் மெதுவாக அழுத்திக் கசிவு இல்லை என்று பார்த்து, எம்.ஆர்.ஐயிலும் பாதை காய்ந்திருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் முதலில் எழுதியிருந்தது "பவுத்திரம், சிகிச்சை அளிக்கப்பட்டது" என்று மட்டும். அங்கே அடுத்துப் பார்ப்பவருக்கு இது போதாது என்று கேட்டபின்தான் எழுதிக் கொடுத்தார்கள்: மல்லாந்து படுத்த நிலையில், ஆசனவாயைக் கடிகார முகமாக வைத்துப் பார்த்தால், வெளி ஓட்டை 7 மணியில், உள் ஓட்டை 6 மணியில், இரண்டு தசையையும் கடக்கும் ஒற்றைப் பாதை, தளர்வான செட்டான் ஒன்று, போட்ட தேதி.